முகத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய மரமுகம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் கண்ணையும் கோரைப்பல்லையும்தான். வண்ணம் எவ்வளவு உதிர்ந்திருக்கிறது, மரத்தில் எத்தனை ஓட்டை, எங்கே வெடிப்பு என்று பார்த்துவிட்டு "நூறு வருஷம் இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பல ஆண்டுகளாக இத்தகைய முகங்களைப் பார்த்ததில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் வேறு. முகத்தைக் கவிழ்த்து, முதுகுப்புறத்தை வெளிச்சத்துக்குக் காட்ட வேண்டும். எத்தனை வயது என்ற கேள்வியை அப்போதைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். அதன்மேல் என்னென்ன நடந்தது, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தேய்மானம், வண்ண அடுக்கு, பூச்சி அரிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே போலியாகச் செய்துவிடலாம். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற காலவரிசையைச் செய்வது மிகக் கடினம். சடங்கில் புழங்கிய முகத்தையும் கடைக்காகச் செய்யப்பட்ட முகத்தையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இந்த வரிசையைப் படிப்பதுதான்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்தப் பகுதி மரச்சிற்பத்துக்குப் பேர்போனது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் பட்டறைகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இங்குள்ள கை இரண்டு பக்கமும் வேலை செய்கிற கை. கோயிலுக்குச் சாமியும் வாகனமும் கேட்டால் செய்யும்; நகரத்து வீட்டு வரவேற்பறைக்குச் சுவரில் மாட்டும் முகம் கேட்டாலும் செய்யும். உளி அதே உளி, மரம் அதே மரம், அளவு முறையும் அதே முறை. ஆகவே செதுக்கு அழகைப் பார்த்து "இது சாமிக்குச் செய்தது, இது கடைக்குச் செய்தது" என்று பிரிக்கப் பார்ப்பது வீண்வேலை. பட்டறையை விட்டு வெளியேறும் நாளில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. வேறுபாடு தொடங்குவது அதற்குப் பிறகு, ஒன்று திருவிழாவுக்கும் மற்றொன்று அலமாரிக்கும் போகும்போது. அந்தப் பிற்கால வாழ்க்கையைத்தான் மரம் தன்மேல் எழுதி வைத்திருக்கிறது. மேற்கே கல்வராயன் மலை இருப்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். "மலைவாசிகளின் சடங்கு முகம்" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் எந்த மரத்துண்டுக்கும் மர்மம் கூடும், விலையும் கூடும். சீட்டு சொல்வது சான்று ஆகாது. எந்த ஊரில், எந்தச் சாமிக்கு, எந்த மாதத்தில், யார் எடுத்தார்கள் என்ற பதிலும் மரத்தில் இருக்கும் தடயமும் பொருந்தினால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு.

உள்தேய்மானத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள இந்த வட்டாரத்தில் நல்ல பள்ளிக்கூடம் தெருக்கூத்துக் கட்டைகள். வடதமிழகக் கூத்தில் வேடக்காரர் முகத்தில் பெரும்பாலும் வண்ணம்தான் பூசுகிறார். ஆனால் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் மரம். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டி, கயிற்றால் உடம்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை ஆடுகிறார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் ஆடிய ஒரு புஜக்கட்டையைக் கவிழ்த்துப் பார்த்தால் தேய்மானம் எங்கும் சமமாக இல்லை என்பது உடனே தெரியும். தோள் எலும்பு முட்டுகிற இடம் வழவழப்பாகிக் கறுத்திருக்கும். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி உளி விட்ட பள்ளங்கள் புதிதுபோல் கூர்மையாக இருக்கும். கயிறு நுழையும் துளையின் ஒரு பக்கம் மட்டும் அறுபட்டு வாய்க்கால் விழுந்திருக்கும். கயிறு எந்தத் திசையில் இழுத்ததோ அந்தப் பக்கம். மரமுகத்திலும் இதே நியாயம்தான். மனித முகம் மரத்தைத் தொடும் இடங்கள் சில மட்டுமே: நெற்றியின் நடு, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு இரண்டு, முகவாய். வியர்வையும் எண்ணெயும் உராய்வும் அங்கே சேரும். மூக்கு, வாய்க்கு நேரே மூச்சின் ஈரம் பட்டுப்பட்டு மரநார் லேசாக எழும்பிச் சொரசொரத்திருக்கும். தொடாத குழிகளில் தூசியும் புகையும் மட்டும் படிந்திருக்கும்.

கடைக்காகப் பழமை ஏற்றுகிறவர் செய்வது இதற்கு நேர்மாறானது. தேயிலைச் சாறோ, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலோ, பழுப்பு பாலிஷோ எடுத்து உட்புறம் முழுக்கத் தடவுகிறார். திரவம் தன் இயல்புப்படி பள்ளத்தில் தேங்கும். அதனால் உளித்தடத்தின் குழி அடர்ந்தும் மேடு வெளுத்தும் இருக்கும். உண்மையாகப் புழங்கியதில் மேடு கறுத்து மின்னும், குழி மங்கும். ஒரு சாய்ந்த விளக்கொளியில், பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸை வைத்துப் பார்த்தாலே இந்த ஒரு வேறுபாடு துலங்கிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேட்டை வழவழப்பாக்கியிருந்தால் கோடுகள் ஒரே திசையில் இணையாக ஓடும். தோலும் துணியும் தேய்த்த இடத்தில் அப்படிக் கோடு விழாது, விளிம்புகள் மெல்ல உருண்டு மறையும். பிறகு அந்த முகத்தை ஒரு மனிதர் அணிய முடியுமா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களின் கருவிழிகளுக்கு இடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இருக்கும். கண்துளைகள் அதற்கு மிக விலகியும், மூக்குத் துளை வழியாகவோ வாய் வழியாகவோ பார்க்கவும் வழியில்லாமலும் இருந்தால், யாரும் அதை அணிந்து ஓரடி எடுத்து வைத்திருக்க மாட்டார். மூக்குத்தண்டுக்கு இடமே விடாமல் தட்டையாகக் குடைந்த முதுகு, மேல் விளிம்பில் சுவராணிக்கென்று ஒரே ஒரு துளை என்பவையெல்லாம் பிறந்த நாளிலேயே சுவருக்கு நேர்ந்துவிடப்பட்ட முகத்தின் அடையாளங்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சடங்கு முகங்கள் எல்லாம் இரவெல்லாம் ஆடப்படுகிறவை அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் பாகவத மேளாவின் நரசிம்ம முகம் கோயிலில் பூசையில் இருக்கிறது. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பிரகலாத சரித்திரத்தில் விரதம் இருந்த ஒருவர் மட்டும் அதை அணிகிறார். ஆண்டுக்கு ஓர் இரவு, அதிலும் சில மணி நேரம் என்றால் நெற்றிப்பக்கம் பளபளப்பு ஏற நூறாண்டு வேண்டியிருக்கலாம். உள்ளே துணி மடித்துத் தைத்திருந்தால் தோல் மரத்தைத் தொடவே தொடாது. இன்னும் ஒரு படி போனால், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மிகப் புகழ்பெற்ற மரமுகத்தை யாரும் அணிவதே இல்லை. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் பதினெட்டு நாள் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவில் அரவானின் மரச்சிரசுதான் மையம். திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்ட மறுநாள், அந்தச் சிரசோடு வைக்கோலும் பிற உறுப்புகளும் சேர்த்துக் கட்டிய பெரிய உருவம் தேரில் ஏறிப் பந்தலடிக்குப் போகிறது. அங்கே களபலி, தாலியறுப்பு, ஒப்பாரி. உருவம் கலைந்துவிடும், தலை மட்டும் திரும்பி வரும். இப்படிப்பட்ட ஒரு தலையின் உட்புறத்தில் வியர்வைக் கறையைத் தேடி, அது இல்லை என்பதால் "புழக்கம் இல்லாதது" என்று தீர்ப்புச் சொன்னால் எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆனால் இந்த மறுப்பு முறையைத் திருத்துகிறதே ஒழிய, தகர்க்கவில்லை. உள்தேய்மானம் என்றால் வியர்வை மட்டும் இல்லை. எந்த வேலைக்காக எடுத்தார்களோ அந்த வேலை விட்டுப்போன தழும்பு. தூக்கிச் செருகிக் கட்டப்படும் தலையில் தேய்மானம் கழுத்து விளிம்பில் இருக்கும், பொருத்தும் குழியில் இருக்கும், கயிறு சுற்றி இறுக்கிய பின்மண்டையில் இருக்கும். சுமையைத் தாங்கும் பக்கம் நசுங்கியிருக்கும். பழைய ஆணித்துளைக்குப் பக்கத்தில் புதிய ஆணி அடித்து, துருவின் கறை இரண்டு தலைமுறைக்கு இரண்டாகத் தெரியும். துணி வைத்துத் தைத்த முகத்தில் தையல் ஆணியைச் சுற்றித் துரு மரத்துக்குள் ஊறியிருக்கும். ஆகவே "இந்தப் பொருளை எப்படிப் பிடித்திருப்பார்கள், எதோடு கட்டியிருப்பார்கள்" என்று முதலில் கேட்டுவிட்டு, அந்தப் பிடியும் கட்டும் எங்கே உராயுமோ அங்கே தேட வேண்டும். தேடிய இடத்தில் தேய்மானமும் தேடாத இடத்தில் தேய்மானமின்மையும் இருந்தால் நம்பலாம். எங்கும் ஒரே மாதிரி பழமை இருந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது வண்ணம். சேகரிப்பவர்களிடம் ஆழமாக வேரூன்றிய ஒரு தப்பெண்ணத்தை இங்கே எதிர்த்தே ஆக வேண்டும். உதிர்ந்து மங்கிய வண்ணம் உண்மையானது என்றும், பளிச்சென்ற எனாமல் பெயின்ட் அடித்தது போலி அல்லது கெட்டுப்போனது என்றும் அவர்கள் நினைக்கிறார்கள். நம் ஊரில் சடங்கின் போக்கு அப்படி இல்லை. திருவிழா நெருங்கினால் வாகனத்துக்கும் மரச்சாமிக்கும் வர்ணம் தீட்டுவார்கள். உதிர்ந்த முகத்தோடு சாமியை வெளியே எடுப்பது ஊருக்குக் குறை. ஒரு காலத்தில் சாதிலிங்கச் சிவப்பும் அரிதார மஞ்சளும் விளக்குக் கரியும் சுண்ண வெள்ளையும் பூசிய கை, கடையில் டப்பா பெயின்ட் வந்ததும் அதையே எடுத்துக்கொண்டது. அதில் பக்தி குறையவில்லை. எனவே இன்னும் வழிபாட்டில் உள்ள முகம் புதிதாகவே தெரியும். வெகுநாள் உதிரவிட்ட முகம் வழிபாடு நின்றுபோனதாக இருக்கலாம், அல்லது உதிர்ந்ததுபோல் தெரிய வேண்டும் என்று சுரண்டப்பட்டதாக இருக்கலாம். மேலே உள்ள வண்ணம் புதியதா பழையதா என்பதற்குப் பொருளே இல்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்குத்தான் பொருள்.

கீழே இருப்பதைப் பார்க்க முகத்தைக் காயப்படுத்த வேண்டியதில்லை. காது மடல், கிரீட விளிம்பு, பழைய வெடிப்பின் ஓரம் போன்ற ஏற்கெனவே அடிபட்டுப் பெயர்ந்த ஓர் இடத்தை லென்ஸில் பார்த்தால் அடுக்குகள் தெரியும். அருங்காட்சியக ஆய்வுக்கூடங்களில் குண்டூசி முனையளவு துகளை எடுத்துப் பிசினில் பதித்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் குறுக்குவெட்டாகப் பார்ப்பார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய வேதியியல் பாதுகாப்புக்கென்றே 1930 முதல் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. எண்ணிக்கையைவிட முக்கியமானது அடுக்குகளுக்கு இடையே இருப்பது. ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுக்கொருமுறை திருவிழா கண்ட முகத்தில் ஒரு வண்ணத்துக்கும் அடுத்த வண்ணத்துக்கும் நடுவே கறுத்த மெல்லிய கோடு ஓடும்: கற்பூரப் புகை, விளக்கெண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், தூசி. அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் படிவு. ஒரே வாரத்தில் ஐந்து பூச்சு பூசி, நடுநடுவே தேய்த்து அடுக்கு காட்டியவரின் வேலையில் பூச்சும் பூச்சும் சுத்தமாக ஒட்டியிருக்கும். கெட்டிக்காரர் ஒருவர் நடுவில் கரி தூவலாம். ஆனால் கரி எங்கும் சமமாகப் பரவியிருக்கும். விளக்கின் புகை மூக்கின் அடியிலும் புருவத்தின் அடியிலும், மேல்நோக்கி ஏறும்போது எது தடுத்ததோ அங்கேதான் கனமாகப் படியும்.

நிறமிகளுக்குப் பிறந்த ஆண்டு உண்டு என்பது இன்னொரு கைப்பிடி. செயற்கை நீலமான அல்ட்ராமரைன் 1820களின் இறுதியில் பிரான்சில் உருவாகி உலகெங்கும் போனது. டைட்டானியம் வெள்ளை கடைக்கு வந்தது 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில். தாலோ நீலம் 1930களின் நடுவில். முகத்தின் மிக அடியிலுள்ள பூச்சில், மரத்தைத் தொட்டு நிற்கும் அந்த முதல் வெள்ளையில் டைட்டானியம் இருந்தால், அந்த முகம் 19ஆம் நூற்றாண்டினது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால் துத்தநாக வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். டைட்டானியம் வெள்ளை ஒளியை விழுங்கிக் கருநீலமாக நிற்கும். இந்தச் சான்று ஒரு பக்கமாகத்தான் வெட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய நிறமி அடியில் இருந்தால் பழமை பொய் என்று காட்டும். பழைய நிறமி இருந்தால் பழமை மெய் என்று காட்டாது. காவிக்கல்லும் கரியும் சுண்ணாம்பும் இன்றும் கிடைக்கின்றன. அதோடு, முழுக்க எழுபது ஆண்டுக்குள் செய்யப்பட்ட, அடிமுதல் எனாமல் பூசிய ஒரு முகம் ஐம்பது திருவிழா கண்ட உண்மையான சடங்கு முகமாக இருக்க முடியும். பழமையும் புழக்கமும் வேறுவேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் சந்தையில் இவ்வளவு குழப்பம்.

பூச்சி விஷயத்தில் மக்கள் நம்பிக்கை முற்றிலும் தலைகீழானது. ஓட்டை இருந்தால் பழசு என்கிறார்கள். உளுத்த மரத்தில் மாவு கொட்டவைக்கும் சிறு வண்டுகள் தின்பது மரத்திலுள்ள மாவுச்சத்தை. அது தச்சர்கள் "வெள்ளை" என்று ஒதுக்குகிற வெளிப்பகுதியில்தான் இருக்கும். வைரம் பாய்ந்த உட்பகுதியை அந்த வண்டுகள் தொடுவதில்லை. மரம் வெட்டி ஆண்டுகள் ஆக ஆக மாவுச்சத்து குறைந்துபோகும். ஆகவே இந்த வண்டுகளுக்குப் பிடித்தது புது மரம். சரியாக உலராத மலிவு மரத்தில் செய்து கடையில் வைத்த பொம்மை ஓராண்டிலேயே 1, 2 மில்லிமீட்டர் துளைகளோடு நிற்கும். அந்தத் துளை வண்டு உள்ளே போன வழி இல்லை, வளர்ந்து வெளியேறிய வழி. துளையின் எண்ணிக்கை வயதைச் சொல்லாது. துளை வண்ணத்தோடும் செதுக்கோடும் எப்படி உறவு கொண்டிருக்கிறது என்பதுதான் சொல்லும். வண்ணத்தை உடைத்துக்கொண்டு கூர்மையான விளிம்போடு துளை வந்திருந்தால் வண்டு அந்தப் பூச்சுக்குப் பின் வந்தது. துளைக்குள் வண்ணம் வழிந்து இறங்கியிருந்தால், அல்லது பட்டி வைத்து அடைத்து மேலே பூசியிருந்தால், வண்டு முதலில், பூச்சு பிறகு. ஒரே முகத்தில் இரண்டு வகையும் கலந்து, பழைய துளைகள் அடைபட்டும் புதியவை திறந்தும் இருந்தால், அந்த முகம் நெடுங்காலம் கவனிக்கப்பட்டு வந்திருக்கிறது.

மூன்றாவது ஓர் உறவுதான் போலிகளை அதிகம் காட்டிக்கொடுக்கிறது. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் உத்திரத்திலும் தூணிலும் முகம் செதுக்குவது உண்டு. மரம் உண்மையாகவே பழையது. எந்தக் கார்பன் சோதனையும் அதைப் பழையது என்றே சொல்லும். ஆனால் அந்த உத்திரத்தில் ஏற்கெனவே வண்டுப் பாதைகள் இருந்திருந்தால், உளி அவற்றைக் குறுக்கேயும் நீளவாக்கிலும் வெட்டிச் சென்றிருக்கும். கன்னத்தின்மேல் ஒரு வட்டத் துளைக்குப் பதிலாக, பாதி திறந்த வாய்க்கால் ஓடும். வண்டு வெளிப்பரப்பை ஒட்டித் திறந்த கால்வாய் வெட்டாது. அது தோலுக்கு அடியிலேயே ஓடி ஒரே இடத்தில் வெளியேறும். திறந்த வாய்க்கால் தெரிகிறது என்றால் பூச்சி முதலில், செதுக்கு பிறகு என்று பொருள். பல காலம் தேய்ந்து மேற்பரப்பு போன இடத்திலும் பாதை திறக்கக்கூடும் என்பதால், அந்த இடத்தில் உளித்தடம் கூர்மையாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூர்மையான உளித்தடமும் வெட்டுப்பட்ட வண்டுப் பாதையும் ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு மேற்கொண்டு சான்று தேவையில்லை. துரப்பணத்தால் போட்ட துளையைக் கண்டுபிடிப்பது அதைவிட எளிது. மெல்லிய வளையும் கம்பியை நுழைத்தால் நேராகப் போய் முட்டும். வண்டின் பாதை சிறிது தூரத்திலேயே திரும்பிவிடும். கரையான் வேறு விதம். அது தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ மண்பாதை போட்டு வரும். அதனால் முகம் எதைத் தொட்டு இருந்ததோ அந்த விளிம்பிலிருந்து அரிப்பு தொடங்கி மேலேறும். மென்மையான நாரைத் தின்று கடினமான நாரை ஏடு ஏடாக விட்டுவைக்கும். மண் உள்ளே ஒட்டியிருக்கும். நெற்றியும் மூக்கும் அரிபட்டு, கீழ்விளிம்பு முழுசாக இருந்தால் அந்த முகம் எந்த நிலையில் இருந்தது என்று கேட்க வேண்டும்.

இப்போது மூன்றையும் சேர்த்து ஒரு முகத்தைப் படித்துப் பார்ப்போம். சிவந்த முகம், பிதுங்கிய கண், அடிக்கணக்கில் சொன்னால் ஓரடிக்குச் சற்று மேல். "கல்வராயன் மலையிலிருந்து வந்தது, நூற்றைம்பது ஆண்டு" என்ற சீட்டோடு மேசைமேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே வண்ணம் பாதி உதிர்ந்திருக்கிறது, துளைகள் நிறைய, உட்புறம் அடர்பழுப்பு. பழமை விரும்பிக்கு இவ்வளவும் போதும். படிக்கத் தொடங்கினால், பழுப்பு உளிக்குழிகளில் தேங்கியிருக்கிறது. நெற்றியும் கன்னமும் படும் இடங்கள் மற்ற இடங்களைப்போலவே சொரசொரப்பு. கட்டுத்துளைகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் வாய் நான்கு பக்கமும் ஒரே வட்டம். எந்தக் கயிறும் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. வண்ணம் உதிர்ந்த இடங்கள் கன்னத்தின் தட்டைப் பரப்பில் திட்டுத்திட்டாக இருக்கின்றன. கை பிடிக்கும் விளிம்பிலும் மூக்கின் நுனியிலும் வண்ணம் முழுசாக நிற்கிறது. புழக்கத்தில் முதலில் போவது நுனியும் விளிம்பும்தான். உதிர்ந்த ஓரத்தில் மூன்று பூச்சு தெரிகிறது. நடுவே அழுக்குக் கோடு இல்லை. சில வண்டுத் துளைகளுக்குள் அடிப்பூச்சு வெள்ளை இறங்கியிருக்கிறது; ஆக வண்டு எல்லாப் பூச்சுக்கும் முந்தியது. தாடைக்குக் கீழே ஒரு வண்டுப் பாதை நீளவாக்கில் திறந்து கிடக்க, அதன் இரு கரையிலும் உளித்தடம் கூர்மை. வரிசை இப்போது தெளிவு: பழைய மரம், அதில் வண்டு, பிறகு செதுக்கு, உடனே மூன்று பூச்சு, உடனே சுரண்டல், கடைசியில் சாயம். வழிபாடு நுழைவதற்கு இந்த வரிசையில் இடமே இல்லை. இதே முகத்தில் பளபளக்கும் எனாமலும், அதன் கீழே புகைக் கோடுகளோடு ஏழெட்டு அடுக்கும், ஒரு பக்கம் அறுந்த கட்டுத்துளையும், பட்டி வைத்து அடைத்த துளைகளும் இருந்திருந்தால், சீட்டே இல்லாவிட்டாலும் அதை நான் சடங்கு முகம் என்றிருப்பேன்.

இவ்வளவையும் எழுதினால் போலி செய்கிறவர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு குறியும் ஏற்கெனவே தெரியும். மேட்டைக் கறுப்பாக்கலாம், துளையை ஒரு பக்கம் அறுக்கலாம், புகை பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் சரியான வரிசையில், சரியான இடத்தில், மற்றொன்றோடு முரண்படாமல் செய்ய வேண்டுமானால் அதற்கான உழைப்பு முகத்தின் விலையைத் தாண்டிவிடும். பெரும்பணம் புழங்கும் உலகச் சந்தையில் அதையும் செய்யக்கூடிய ஒருவர் இருக்கலாம். அங்கே லென்ஸ் போதாது, ஆய்வுக்கூடம் வேண்டும். சில நேரம் அதுவும் "சொல்ல முடியாது" என்றே முடிக்கும். அந்த விடையையும் மதிக்க வேண்டும். ஒரு முறை எல்லா வழக்கையும் தீர்க்கவில்லை என்பதால் அது தீர்த்த வழக்குகள் பொய்யாகிவிடாது.

இதைவிடக் கனமான மறுப்பு, சடங்கு என்றும் சுற்றுலா என்றும் இரண்டு பெட்டி போடுவதே சரியா என்பது. இலங்கையின் அம்பலாங்கொடையைப் பாருங்கள். கோலம் நாடகத்துக்கும் நோய் தீர்க்கும் சன்னிச் சடங்குக்கும் முகம் செதுக்கிய சிங்களக் குடும்பங்களே பயணிகளுக்கும் செதுக்குகின்றன. பயணிகள் கொடுத்த காசுதான் பல பட்டறைகளைக் காப்பாற்றியது. ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் குருன்வெடல் சிங்கள முகமூடிகளைப் பற்றி 1893இல் எழுதினார் என்றால், சுற்றுலாச் சந்தை பெருகுவதற்கு வெகு முன்பே அவை ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன என்று பொருள். பயணிக்கென்று செய்த முகத்தை ஒரு ஊர் வாங்கி ஆடத் தொடங்கினால் அது சடங்கு முகம் ஆகிவிடுகிறது. சடங்கில் ஓய்ந்த முகம் கடைக்கு வந்தால் பொருளாகிவிடுகிறது. நான் இதை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். பட்டறையின் நோக்கத்தை நான் தேடவில்லை. எந்த நோக்கத்தில் பிறந்தாலும் பிறகு என்ன நடந்தது என்பதையே மரம் சொல்கிறது. இடையில் பாதை மாறியிருந்தால் அதையும் வரிசை காட்டும். சுவராணித் துளைக்கு மேலே புகை அடுக்கு படிந்திருந்தால் சுவரிலிருந்து கோயிலுக்குப் போன முகம் அது. கடைக்குச் செய்வதிலும் குற்றம் ஏதுமில்லை. கள்ளக்குறிச்சித் தச்சர் நேற்றுச் செய்த முகத்தை நேற்றுச் செய்தது என்று சொல்லி விற்றால் அது அவருடைய கலைக்கு மரியாதை. அதைச் சுரண்டிச் சாயமேற்றிப் பழையதாக்குகிற இடைத்தரகர் அவருடைய பெயரையும் உழைப்பையும் சேர்த்து அழிக்கிறார்.

உண்மைக்கும் போலிக்கும் இடையே பிழை நேர்ந்தால் நட்டம் ஒரே அளவானது இல்லை. போலியை உண்மை என்று எண்ணினால் ஒருவருடைய பணம் போகும். உண்மையை "புது பெயின்ட் அடித்தது, மதிப்பில்லை" என்று தள்ளினால் ஓர் ஊரின் சாமி பழைய மரக்கடைக்குப் போகும். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது; ஆனால் எதை எடுத்துச் செல்கிறார்கள் என்று அடையாளம் காணாவிட்டால் அந்தத் தடையால் பயனில்லை. ஆகவே மரச்சிரசோ முகமோ வைத்திருக்கும் கோயில்காரர்களிடமும் கூத்துக் குழுவினரிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை வர்ணம் தீட்டக் கொடுப்பதற்கு முன் முகத்தைக் கவிழ்த்து, உட்புறத்தையும் கட்டுத்துளைகளையும் பழைய ஆணிகளையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மேலே விரும்பிய வண்ணம் பூசுங்கள். பழைய பூச்சை எரித்தோ சுரண்டியோ எடுக்க வேண்டாம் என்று தீட்டுபவரிடம் சொல்லுங்கள். உட்புறத்தைக் கழுவாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள்.